ஒரு நாள் எடையைப் பார்த்துச் சாப்பாட்டை நிறுத்தாதே!

காலையில் வெயிட் மெஷினில் ஏறி இறங்கிவிட்டு, நேற்றைவிட முக்கால் கிலோ கூடிவிட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டிபனைத் தொடாமல் ஆபீசுக்குக் கிளம்புகிறாயே, உன்னைத்தான் சொல்கிறேன். முதலில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிடு. சாப்பிட்டுக்கொண்டே இதைப் படி. ராத்திரியோடு ராத்திரியாக முக்கால் கிலோ கொழுப்பு யாருக்கும் ஏறாது.

1. கூடியது கொழுப்பா என்று கணக்குப் போடு

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், நீ செலவழிப்பதற்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போனாய். ஜாங்கிரி, வடை, பாயசம், இரண்டாவது தடவை சாம்பார் சாதம் என்று வழக்கத்தைவிட 1,500 கலோரி கூடவே உள்ளே போயிற்று என்று வைத்துக்கொள். அத்தனையும் கொழுப்பாக மாறினால்கூட 200 கிராம்தான். ஆனால் ஞாயிறு காலையில் மெஷின் 1.2 கிலோ கூட்டிக் காட்டும். மீதி ஒரு கிலோ எங்கிருந்து வந்தது?

பெரும்பங்கு தண்ணீர். ரத்தத்தில் உப்பின் அளவு மாறாமல் இருக்க, உள்ளே வந்த உப்புக்கு ஏற்ற தண்ணீரை உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். 9 கிராம் உப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது தோராயக் கணக்கு. அப்பளம், ஊறுகாய், வற்றக்குழம்பு வழியாக ஒரு டீஸ்பூன் உப்பு கூடப் போனால் அரை லிட்டருக்கு மேல் தங்கிவிடும். சிறுநீரகம் அதை வெளியேற்ற இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அவசரப்படுத்தாதே.

அடுத்தது சோறும் இனிப்பும். மாவுச்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைக்கும். 100 கிராம் கிளைக்கோஜன் ஏறினால் எடையில் 400 கிராம் கூடும். போதாததற்கு, நேற்று ராத்திரி சாப்பிட்டது இன்னும் குடலில்தான் இருக்கிறது. அதற்கும் எடை உண்டு.

2. பந்திக்கே போகாவிட்டாலும் ஏறும்

மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பலருக்கு ஒரு கிலோ, சிலருக்கு அதற்கு மேலும் நீர் கோத்துக்கொள்ளும். விலக்கு ஆன சில நாளில் இறங்கிவிடும். புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்துத் தொடை வலிக்கிறதா? தசை தன்னைச் சரிசெய்துகொள்ள நீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த வாரம் எடை கூடியதென்று பயிற்சியை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நீயும் அப்படிச் செய்யாதே. இரண்டு நாள் மலச்சிக்கல் இருந்தாலும் முள் ஏறும்.

3. தினமும் ஒரே மாதிரி நில்

காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு, காபி குடிக்கும் முன் ஏறு. அதே மெல்லிய நைட்டி போதும். மெஷினைக் கால்மிதி மேல் வைக்காதே. சமதளமான தரையில் ஒரே இடத்தில் வை. வீட்டில் ஒன்று, ஜிம்மில் ஒன்று, மருந்துக்கடையில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஏறாதே. மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் இருக்கும். எண்ணைக் காலண்டரில் எழுதிவிட்டு வேலையைப் பார். தினமும் எண்ணைப் பார்த்தால் மனது கெட்டுவிடும், சாப்பாட்டையே வெறுத்துவிடுவாய் என்றால், மெஷினை எடுத்து உள்ளே வைத்துவிடு. உனக்கு இடுப்பு டேப் போதும்.

4. ஞாயிறு அன்று ஐந்து நிமிடம் ஒதுக்கு

உன் காலண்டரில் முதல் வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை இப்படி இருக்கிறது என்று வை:

72.4, 72.0, 72.6, 71.9, 72.1, 71.8, 73.0

இரண்டாம் வாரம்:

72.9, 72.3, 71.7, 71.5, 71.6, 71.4, 72.2

திங்களுக்குத் திங்கள் மட்டும் பார்க்கிறவள் என்ன நினைப்பாள்? 72.4 இருந்தது 72.9 ஆகிவிட்டது, ஒரு வாரம் பட்டினி கிடந்தும் அரை கிலோ ஏறிவிட்டது என்று அழுவாள். கல்யாண வீட்டு உப்பு இன்னும் முழுதாக வடியவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

நீ சராசரி எடு. பெரிய எண்களைக் கூட்டித் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றிலும் 70ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கூட்டு. முதல் வாரம் 2.4, 2.0, 2.6 என்று கூட்டினால் 15.8 வரும். ஏழால் வகுத்து 70ஐச் சேர், 72.26. இரண்டாம் வாரம் கூட்டுத்தொகை 13.6, சராசரி 71.94. ஏறக்குறைய 300 கிராம் இறங்கியிருக்கிறது. அடுத்தடுத்த வாரங்களிலும் இதே போக்கு இருந்தால் அது கொழுப்பு இறங்கும் வேகம்தான். ஒரு நாள் ஏறும் தண்ணீர் இன்னொரு நாள் இறங்கிவிடும், ஏழு நாளில் அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அடங்கிப் போகும்.

ஒரு நாள் ஊருக்குப் போய்விட்டாயா? இருக்கும் ஆறு எண்ணைக் கூட்டி ஆறால் வகு. விட்டுப்போன நாளுக்கு மனதுக்குத் தோன்றியதை எழுதாதே. நான்கு நாளாவது இல்லாத வாரத்தைக் கணக்கில் சேர்க்காதே. விருந்துக்கு மறுநாள் எடையைப் பிடிக்கவில்லை என்று அடிக்கவும் கூடாது.

5. சராசரியும் ஏமாற்றும் இடங்கள்

டயட் தொடங்கிய முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. சோற்றைக் குறைத்ததும் கிளைக்கோஜனும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் போயிருக்கின்றன. இரண்டாம் வாரச் சராசரியிலிருந்து கணக்கைத் தொடங்கு.

மாதவிலக்கு வருகிறவர்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு மட்டும் ஒப்பிட்டால் தப்பாகப் போகும். நீர் கோத்த வாரத்தில் சராசரியே ஏறித்தான் நிற்கும். விலக்கு முடிந்த வாரத்தை, போன மாதம் விலக்கு முடிந்த வாரத்தோடு வைத்துப் பார். அன்று 72.3, இன்று 71.1 என்றால் நான்கு வாரத்தில் 1.2 கிலோ. இடையில் ஒரு வாரம் ஏறியிருந்தால் அதை விட்டுத்தள்ளு.

குறைந்தது கொழுப்பா தசையா என்று சராசரி சொல்லாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மூச்சை இயல்பாக விட்டபிறகு, தொப்புள் மட்டத்தில் டேப் வை. எடையும் இடுப்பும் சேர்ந்து இறங்கினால் சரி. எடை மட்டும் வேகமாக இறங்கி இடுப்பு அப்படியே நின்றால், பருப்பு, முட்டை, மீன், தயிரைக் கூட்டு, கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் செய்.

6. எப்போது சாப்பாட்டில் கை வைப்பது

நான்கு வாரச் சராசரி அசையவே இல்லை, இடுப்பும் குறையவில்லை என்றால் மட்டும் மாற்று. அதற்கு முன் வேண்டாம். அப்போதும் பட்டினி கிடக்காதே. மதியம் ஒரு கரண்டி சோற்றையும், மாலை காபியில் சர்க்கரையையும் எடுத்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று வாரம் எழுது.

ஆனால் இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால், அது சராசரி பார்க்கிற விஷயமே இல்லை. இதயமோ சிறுநீரகமோ சம்பந்தப்பட்டிருக்கலாம். காலண்டரையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போ.