பந்தியில் வேலை கேட்காதீர்கள்

கல்யாண மண்டபத்தில் நாலு பேர் முன்னால், "நம்ம பையனுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்க" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் "பார்க்கலாம்" என்றுதான் சொல்வார். முடியாது என்று சொல்ல அங்கே அவருக்கு வழியில்லை. அடுத்த விசேஷத்தில் நம்மைக் கண்டதும் ஒதுங்கிப் போவார்.

முதலில் நேரம். ரிசப்ஷனில் பாட்டுக் கச்சேரிச் சத்தம்; பேச்சு காதில் விழாது. பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்பார். முகூர்த்தம் முடிந்து, சாப்பிட்டுக் கை கழுவி, தாம்பூலப் பை வாங்கக் காத்திருக்கும் அரை மணி நேரம்தான் நல்ல நேரம். கோயில் விசேஷத்தில் இன்னும் எளிது. அன்னதானத்தில் பக்கத்தில் நின்று பரிமாறினாலே பேச்சு தானாக வரும். நீங்கள் வேலை செய்யும் விதத்தையும் அவர் பார்த்துவிடுவார்.

ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் இருந்த பி.காம். பட்டதாரிப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். சித்தப்பாவின் சகலை ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். முதலில் உறவைச் சொல்ல வேண்டும்: "வணக்கம் சித்தப்பா, நான் உங்க சகலையோட மதுரை அண்ணன் பொண்ணு." பிறகு அவர் வேலையை விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் அவரே, "நீ என்னம்மா பண்றே?" என்று கேட்பார். "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பார்க்கறேன். இனி கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல சேரலாம்னு இருக்கேன்." இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அவர் கண் வாசல் பக்கம் போனால், "சாப்ட்டாச்சா சித்தப்பா?" என்று பேச்சை மாற்றிவிடுங்கள். மேலே கேள்வி கேட்டால், "உங்க ஆபீஸ்ல டாலியா, சாப்-ஆ? ஒரு நாள் போன் பண்ணிக் கேட்கட்டுமா?" என்பது போதும். பயோடேட்டாவை மண்டபத்தில் நீட்டாதீர்கள். அது பூமாலையோடும் தாம்பூலப் பையோடும் காரிலேயே கிடக்கும்.

மறுநாள் வேண்டாம், அவர்கள் வீட்டில் மறுவீட்டு அலைச்சல் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்து, எந்தக் கல்யாணத்தில் பார்த்தோம் என்று சொல்லி வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பி, பேசத் தோதான நேரம் கேளுங்கள். அந்தப் பேச்சில் ஒன்றை மறக்காதீர்கள்: "நேரா அப்ளை பண்ணலாமா, உங்க மூலமாவா?" பல கம்பெனிகளில் ஊழியர் பரிந்துரைக்குத் தனி வழி உண்டு. நீங்கள் முன்பே விண்ணப்பித்திருந்தால் அவர் பரிந்துரை கணக்கில் வராமல் போகலாம். அதனால் கேட்டுவிட்டே அனுப்புங்கள்.

அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் ஒரு முறை கேட்டதை வீட்டில் மூன்று பேர் போன் போட்டுக் கேட்டால், உதவ நினைத்தவருக்கும் சலிப்பு தட்டிவிடும்.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவை அவருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள்.