'ம்' என்று மட்டும் பதில் போடுபவரைப் புரிந்துகொள்வது எப்படி?

என் தோழி இருப்பது திருச்சியில், அவள் கணவருக்கு ஓசூரில் வேலை. "சாப்பிட்டீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், மூன்று மணி நேரம் கழித்து 'ம்' என்று வரும். அவருக்குத் தன்மேல் அன்பே இல்லையோ என்று ஒருநாள் என்னிடம் அழுதுவிட்டாள். அதன்பின் நாங்கள் இருவரும் உட்கார்ந்து செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். இரண்டு வாரத்துக்கு, அவர் உங்களுக்காகச் செய்ததை மட்டும் தேதியோடு எழுதுங்கள். மெசேஜ் கணக்கு வேண்டாம். தோழியின் நோட்டில் ஆறு வரிகள் சேர்ந்தன. வாடகை அனுப்பியது, கேஸ் புக் செய்தது என்று போன பட்டியலில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. போனில் பேச்சுவாக்கில் "ஸ்கூட்டி பிரேக் சரியா பிடிக்கல" என்றிருந்தாள். சனி இரவு பஸ்ஸில் வந்தவர், ஞாயிறு அவள் எழுவதற்குள் பிரேக் ஷூவை மாற்றிவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவியில் கிரீஸ் கறை இருந்ததால்தான் அவளுக்கே தெரிந்தது.

அடுத்து, ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள்: நான் சொன்னதை மனதில் வைத்துச் செய்ததா, எப்படியும் செய்திருப்பாரா? வாடகையை எப்படியும் கட்டியிருப்பார். பிரேக் அவளுக்காக. இப்படி வடிகட்டியதில் மூன்று வரி மிஞ்சியது. நிஜமான அக்கறை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க ஆலோசகர் கேரி சாப்மன் 1992-இல் எழுதிய புத்தகத்தில் அன்புக்கு ஐந்து மொழிகள் என்றார்: பாராட்டும் சொல், சேர்ந்திருக்கும் நேரம், பரிசு, உதவி, தொடுகை. ஒவ்வொருவருக்கும் இவற்றில் ஒன்றே முதன்மை என்பது அவர் கணக்கு. 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையோ, அதற்குப் போதிய ஆதாரமில்லை, இவை எல்லாமே கலந்து வேண்டும் என்றது. எனக்கும் இதுதான் சரியென்று படுகிறது. "அவர் செயல்வீரர்" என்று முத்திரை குத்திவிட்டு, பேச்சுக்கான ஏக்கத்தை நீங்கள் விழுங்க வேண்டியதில்லை.

ஆகவே கண்டதைச் சொல்லுங்கள்: "பிரேக் மாத்திட்டீங்க, இப்ப பயமில்லாம ஓட்டறேன்." நாலு நாள் கழித்து, சண்டை இல்லாத வேளையில், ஒன்றே ஒன்று கேளுங்கள். "நீங்க பேசவே மாட்டேங்கறீங்க" என்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் போன் பண்ணுங்க" என்றால் தெரியும். டைப் செய்யப் பிடிக்காத பலருக்குப் பேசுவது எளிது. தோழிக்கு இப்போது பெரும்பாலான இரவுகளில் போன் வருகிறது.

வடிகட்டிய பிறகு நோட்டு காலியாக இருந்தாலோ, சண்டை வந்தால் மட்டும் நாட்கணக்கில் மௌனம் நீண்டாலோ, அதைக் கூச்ச சுபாவம் என்று நினைத்துச் சமாதானம் ஆகாதீர்கள். அது தண்டனையாக இருக்கலாம், நேரில் கேட்டே ஆக வேண்டும். நோட்டை மட்டும் அவரிடம் காட்டாதீர்கள். கணக்கு எழுதப்படுகிறது என்று தெரிந்தால், அடுத்த முறை பிரேக்கைத் தொடவே தயங்குவார்.