வறுக்க வெண்ணெயா, நெய்யா?

வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால் புரதமும் பால் சர்க்கரையும். வாணலியில் சடசடவென்று நுரைப்பது அந்தத் தண்ணீர் ஆவியாவதால்தான். அது இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நுரை அடங்கியதும் சூடு விறுவிறுவென ஏறும். புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவந்து, அடியில் பொன்னிறத் துகள்களாகத் தங்கும். அந்த மணம் அருமையானதுதான், ஆனால் 150 டிகிரி வாக்கில் அதே துகள்கள் கருகிக் கசந்து புகையும். பூரி பொரிக்க 180 டிகிரியாவது வேண்டுமே! நெய் காய்ச்சும்போது தண்ணீர் வற்றிவிடுகிறது, துகள்கள் கசடாக வடிகட்டப்படுகின்றன. அதனால் நல்ல நெய் 230 டிகிரிக்கு மேலும் தாங்கும். கசடு கலங்கிய நெய் அவ்வளவு தாங்காது.

வெண்ணெயோடு எண்ணெய் சேர்த்தால் கருகாது என்பார்கள். துகள்கள் பரவலாகுமே தவிர, கருகும் சூடு மாறாது. முட்டை, ரொட்டி போன்றவற்றுக்கு மிதமான தீயில் வெண்ணெய் போதும். முந்திரியை வெண்ணெயில் வறுத்தால், துகள் தேன் நிறமானதும் இறக்கி உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். வாணலிச் சூடே மிச்சத்தைக் கருக்கிவிடும்.