வரிசையில் நிற்கும் முன்

ஈப்போவின் சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு இடையே, 2004ஆம் ஆண்டில் லோஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்புன் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. நீர்ச்சறுக்கு, விலங்குகள், இயற்கை வெந்நீர் ஊற்று ஆகிய மூன்றும் அங்கு உண்டு. பள்ளி விடுமுறையில் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து அங்குச் செல்லும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். பிள்ளைகளுக்கு வயது 13, 9, 5.

திட்டமிடல் முதல்நாள் இரவே, வீட்டுச் சுவரில் தொடங்குகிறது. அம்மா மூவரையும் காலணியின்றி நிறுத்தி உயரத்தை அளக்கிறார். நடுப்பிள்ளையின் உயரம் 118 சென்டிமீட்டர். ஒரு சறுக்கின் அறிவிப்புப் பலகை 120 கேட்டால், அவனால் அதில் ஏற முடியாது. காலணியோடு அளந்திருந்தால் அந்த இரண்டு சென்டிமீட்டர் மறைந்திருக்கும். அரை மணி நேரம் காத்திருந்த பிறகு, படிக்கட்டின் உச்சியில் அழுகை வெடித்திருக்கும். வயது எத்தனையானாலும் பணியாளர் விடமாட்டார். பாதுகாப்புப் பட்டையும் இருக்கையும் குறிப்பிட்ட அளவுள்ள உடலைப் பிடித்துக்கொள்ளவே செய்யப்பட்டவை; குட்டையான உடல் அவற்றிலிருந்து நழுவக்கூடும். ஆகவே, அக்காள் அப்பாவுடன் அந்தச் சறுக்குக்குப் போகட்டும். தம்பிகள் அம்மாவுடன் வேறு விளையாட்டுக்குப் போகலாம். இதை வீட்டிலேயே சொல்லிவிட்டால் ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

பூங்கா காலை 11 மணிக்குத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் கண்ணில் படும் முதல் விளையாட்டிலேயே நின்றுவிடுவர். இக்குடும்பம் நேராகக் கடைசி மூலைக்கு நடக்கிறது. வரிசையின் நீளம் கண்ணை ஏமாற்றும். நகரும் வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். நான்கு பேர் அமரும் மிதவை இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை புறப்பட்டால், முன்னால் நிற்கும் 60 பேருக்கு 15 மிதவைகள், அதாவது 30 நிமிடங்கள் தேவை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது நீண்ட நேரம்!

உணவு நேரத்திலும் ஓர் உத்தி உண்டு. காலை 10 மணிக்கு வயிறாரப் பசியாறிய பிள்ளைகள், நண்பகலில் வாழைப்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு விளையாட்டைத் தொடர்வர். 12.30 முதல் 1.30 வரை மற்றவர்கள் சாப்பிடப் போவதால், சறுக்குகளில் வரிசை குறையும். இவர்கள் 2 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, நிழலில் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கிறார்கள். கடைக்குட்டி காரணமின்றிச் சிணுங்கத் தொடங்கினால் இந்த ஓய்வை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். களைப்பை அவனுக்குச் சொல்லத் தெரியாது.

ஈப்போவில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம். இடி கேட்டால் நீர் விளையாட்டுகள் நிறுத்தப்படும். அதனால்தான் சறுக்குகளைக் காலையிலேயே முடித்தோம். விலங்குகளைப் பிறகு பார்க்கலாம்.

வெந்நீர் ஊற்று மாலைக்கு. சிறுவர்களின் உடல் விரைவில் சூடேறிவிடும். கடைக்குட்டிக்கு மிதமான குளத்தில் சில நிமிடங்கள் போதும். முகம் சிவந்தாலோ சோர்ந்தாலோ உடனே வெளியே அழைத்து வந்து தண்ணீர் கொடுக்க வேண்டும். இவன் வீடு திரும்பும் வழியில், காரிலேயே உறங்கிவிட்டான்.