கனடா கிளம்பும் முன்: கன்சல்டன்சியின் மெயில் வந்ததும்

‘சனிக்கிழமை காலை 11 மணிக்குப் பயணத்துக்கு முந்தைய விளக்கக் கூட்டம், பெற்றோரும் வரவும்’ என்று மெயில் வந்திருக்கிறதா? வெறுங்கையோடு போகாதீர்கள். பாஸ்போர்ட், விசா அனுமதிக் கடிதம், விமான டிக்கெட் மூன்றின் நகலோடு போங்கள். குளிர்ச்சட்டை, ஊறுகாய்ப் பேச்செல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும். அங்கே கேட்க வேண்டியது வேறு.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா உள்ளே நுழைய மட்டுமே. படிப்பதற்கான ‘ஸ்டடி பர்மிட்’டை, கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில்தான் குடிவரவு அதிகாரி அச்சடித்துத் தருவார். சென்னையிலிருந்து டொரோண்டோ வழியாக ஹாலிஃபாக்ஸ் போகிறவருக்கு அந்த வரிசை டொரோண்டோவில். செப்டம்பர் சேர்க்கை நேரத்தில் அது நீளும். அடுத்த விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இடைவெளி என்றால் டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று கூட்டத்திலேயே கேளுங்கள். அனுமதிக் கடிதம், கல்லூரிக் கடிதம், பணத்துக்கான சான்று மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி அப்போது கையில் இருக்காது.

பர்மிட் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் பெயர், முடியும் தேதி, வேலை செய்யலாம் என்ற குறிப்பு மூன்றையும் படித்துப் பாருங்கள். பிழையை அங்கேயே திருத்துவது சுலபம்.

பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டிப் பர்மிட் தரமாட்டார்கள். படிப்பு 2028 ஆகஸ்டில் முடிந்து, பாஸ்போர்ட் மார்ச்சிலேயே முடிந்தால், பர்மிட்டும் மார்ச்சோடு சரி. பிறகு நீட்டிப்புக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். விசா வந்தபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பழையதையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.