குப்பையைப் போட்டால் குப்பைதான் வரும்

கம்ப்யூட்டர் கணக்கில் தப்பு பண்ணாது என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் நாம் கொடுப்பதை வைத்துத்தானே அது கணக்குப் போடும், நண்பர்களே! உதாரணத்துக்கு ஒரு சின்ன கிளினிக்கின் பதிவேட்டை எடுத்துக்கொள்கிறேன்.

'வெறும் வயிற்றுச் சர்க்கரை' என்ற கட்டத்தில் ஐந்து பேருக்கு 110, 126, 0, 184, 0 என்று இருக்கிறது. கூட்டி ஐந்தால் வகுத்தால் 84. அடடா, எல்லாரும் நார்மல் என்று தோன்றும். ரத்தத்தில் சர்க்கரையே இல்லாத மனுஷன் கிளினிக்குக்கு நடந்து வர முடியுமா? அந்த இரண்டு பேருக்கும் டெஸ்ட்டே எடுக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட மனசில்லாமல் யாரோ 0 தட்டிவிட்டார்கள். அவற்றை நீக்கினால் சராசரி 140. வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோயா என்று டாக்டர் சந்தேகப்படுவார்.

சரி, 140-ஐ நம்பலாமா? அதுவும் கூடாது. லேப் சீட்டைப் புரட்டினால், 184 சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது! எண் சரி, கட்டம்தான் தப்பு. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஆபத்து. 0-வைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம். 184 இரண்டு கட்டத்திலும் வரக்கூடிய எண். சீட்டோடு ஒப்பிடாமல் பிடிபடாது. அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் இரண்டே பேர், சராசரி 118.

டேட்டாபேஸில் டெஸ்ட் எடுக்காத இடத்தை `NULL` என்று விட்டால், `AVG` அதைத் தானாகவே தாண்டிப் போய்விடும். இருந்தாலும், விட்டுப்போனவர்கள் யார் என்று விசாரிக்கணும். காசில்லாமல் டெஸ்ட்டைத் தள்ளிப்போட்டவர்கள் என்றால், அவர்கள் உடம்பைப் பற்றி அந்த 118 எதுவுமே சொல்லாது.