கூரியரில் சரக்கு உடைந்து வந்தால்

நம் அங்கத்தினர் ஒருவருக்கு 24 தேன் பாட்டில்கள் கூரியரில் வந்தன. பெட்டியின் அடி நனைந்திருந்தும், 'நல்ல நிலையில் பெற்றேன்' என்ற சீட்டில் கையெழுத்திட்டு விட்டார். பிரித்தபோது 7 பாட்டில்கள் உடைசல். பில் விலைப்படி நஷ்டம் ரூ.1,750. அந்தக் கையெழுத்தைக் காட்டியே கூரியர்காரர் கைவிரித்து விட்டார்.

பெட்டி நனைந்தோ நசுங்கியோ இருந்தால், 'அடி நனைந்துள்ளது, உள்ளே உடைசல் இருக்கலாம்' என்று எழுதிய பிறகே நாம் கையெழுத்திட வேண்டும். அன்றே போட்டோ எடுத்து, அவர்கள் வந்து பார்க்கும் வரை பெட்டியையும் உடைசலையும் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, பில் நகலும் கூரியர் ரசீது நகலும் இணைத்து, கேட்கும் தொகையைக் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில் கூரியரும் அடங்கும். அதன்படி, சரக்கைப் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்குத் தொடர முடியாது. சரக்கு வந்த நாளிலிருந்து கணக்கிட்டு ஏமாறக் கூடாது.

ரசீதில் நஷ்ட ஈட்டுக்கு ஓர் உச்சவரம்பு அச்சிட்டிருப்பார்கள். அதில் கையெழுத்திட்டவரை அது கட்டுப்படுத்தும் என்று 1996-இல் ஒரு கூரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே விலையுயர்ந்த சரக்கென்றால், அதன் மதிப்பை ரசீதில் எழுதி, அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்தியே அனுப்பும்படி சரக்கு அனுப்புகிறவரிடம் முன்னதாகவே கேட்டுக் கொள்வோம்.